மைக் நீலமாயிட்டு

பாளையங்கோட்டை ஆச்சிக்கு வாட்ஸ்அப்பில் எழுத வராது, பேச வரும். மைக்கை அழுத்திப் பிடித்தே பேசினால் விரல் வலிக்கிறது என்றதும், அதை மேலே தள்ளிப் பூட்டச் சொல்லிக்கொடுத்தான் டொரண்டோப் பேரன். அன்றைக்குப் பிடித்தது அவனுக்குச் சனி. முருங்கைக்காய் விலையில் தொடங்கி எதிர்வீட்டுச் சண்டை வரை ஒரே மூச்சில் எட்டு நிமிடம். அவனும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பான். ஆச்சி மீன் ஏலம் விடுவது போலிருக்கும்.

ஒருநாள், "வேலை ஆச்சி, இன்னும் கேக்கல" என்றான். நீல டிக்கை அணைத்து வைத்திருந்த தைரியம். ஆனால் குரல் செய்திக்கு அந்த மறைப்பு செல்லாது. கேட்டுவிட்டால் அனுப்பியவர் திரையில் மைக் நீலமாகிவிடும்.

பதில் உடனே வந்தது: "நேத்தே நீலமாயிட்டுல்லா? பொய் சொல்லாதல."

ஆச்சி அனுப்பியதிலேயே சின்னது அதுதான், நாலு விநாடி.