சரிம்மா

அம்மாவிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத மகனுக்கு உறவு வட்டாரத்தில் நல்ல பெயர். தங்கமான பிள்ளை என்பார்கள். பெற்றவள் சொல்லைத் தட்டாதவன் என்று கல்யாண வீடுகளில் காட்டிப் பேசுவார்கள். இந்தப் பெயர் ஒரு தப்புக் கணக்கின் மேல் நிற்கிறது என்பது என் கட்சி. அவருக்கு 'முடியாது' என்று சொல்லத் தெரியாமல் இல்லை. கிரெடிட் கார்டு விற்கக் கூப்பிடும் பெண்ணிடம் சொல்கிறார். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக வரச் சொன்னால் சொல்கிறார். கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போகலாமா என்று மனைவி கேட்டால், கேள்வி முடிவதற்குள் சொல்கிறார். தாயாரிடம் மட்டும்தான் அந்தச் சொல் வருவதில்லை. பாசம்தான் காரணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. 'சரிம்மா' என்று சொல்வதில் அவருக்கு எந்தச் செலவும் இல்லை. அடுத்தவர் செக் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்தால் யார்தான் கர்ணனாக மாட்டார்கள்?

சந்தேகம் இருப்பவர்கள், நம் ஊரில் தை மாதத்தில் வாராவாரம் நடக்கும் ஒரு விஷயத்தை அடியிலிருந்து பிரித்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஊரிலிருந்து தாயார் போன் செய்கிறார். சென்னையில் ஒரு கல்யாணம், சித்தி குடும்பம் வருகிறது, ஐந்து பேர், வியாழன் காலை ரயிலில் இறங்குகிறார்கள், ஞாயிறு இரவுதான் கிளம்புகிறார்கள், உங்கள் வீட்டில்தானே தங்குவார்கள்? 'சரிம்மா.' சொல்லி முடிக்க இரண்டு விநாடி. வீட்டில் இருப்பது நாலு பேர், ஒரு குளியலறை, வேலைக்குப் போகும் மனைவி. இந்தச் செய்தி மனைவிக்கு எப்போது போய்ச் சேரும்? ஞாயிறன்று போய்ச் சேர்ந்தால் சண்டை வரும். திங்களன்று அவள் களைத்திருப்பாள். செவ்வாய் நல்ல நாள் இல்லை. எனவே புதன்கிழமை இரவு பத்து மணிக்கு, விளக்கை அணைக்கப் போகும் நேரத்தில், 'சொல்ல மறந்துட்டேன்' என்ற பீடிகையோடு வரும். மறந்தே போயிருந்தால் வியாழன் காலைதான் நினைவு வந்திருக்கும் என்பதை அந்த வீட்டில் யாரும் சுட்டிக்காட்டுவதில்லை.

இப்போது மாவு விஷயத்துக்கு வருவோம். ஒன்பது பேர், ஆளுக்கு நாலு இட்லி, முப்பத்தாறு. பதினாறு குழி இட்லிப் பானையில் மூன்று ஈடு. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, நாலு மணி நேரம் ஊற வேண்டும். வீட்டுக் கிரைண்டரில் அரிசி தனி, உளுந்து தனியாக ஆட்ட வேண்டும். அதன் பிறகு இரவு முழுக்கப் பொங்க வேண்டும், தை மாதக் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும். வியாழன் காலை எட்டு மணிக்கு இட்லி இறங்க வேண்டுமென்றால் புதன் மதியம் அரிசி தண்ணீரில் இருந்திருக்க வேண்டும். புதன் இரவு பத்து மணிக்குத் தகவல் கிடைத்தவளுக்கு உலகின் எந்த நொதித்தல் விதியும் உதவாது. காலை ஆறரைக்குத் தெருமுனைக் கடையில் இரண்டு பாக்கெட் மாவு வாங்குகிறாள். எட்டரைக்குச் சித்தி முதல் விள்ளலை வாயில் போட்டு, 'மாவு கடையிலயா வாங்கினே?' என்று சும்மாதான் கேட்கிறார். பதினொரு மணிக்கு அந்தக் கேள்வி போன் வழியாக ஊருக்குப் போய், 'வீட்ல மாவு ஆட்டக்கூட நேரமில்லையாம்' என்று உருவம் எடுத்துவிடுகிறது. நாலு நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டியவர் அதே மேஜையில் உட்கார்ந்து ஆறாவது இட்லியில் இருக்கிறார். இந்தச் சங்கிலியில் அவர் பெயர் ஒரு கண்ணியிலும் இல்லை என்பதுதான் இதன் அழகு.

இதைப் பெண்களின் புலம்பல் என்று ஒதுக்க நினைப்பவர்களுக்கு அரசாங்கக் கணக்கு ஒன்று இருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க மக்கள் தங்கள் நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அப்படிச் செய்யும் ஆண்களே நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தப் பங்கீட்டில், வீட்டுக்கு வரும் எந்த வேண்டுகோளுக்கும் ஆண் சொல்லும் 'சரி' பெரும்பாலும் பெண்ணின் நேரத்திலிருந்துதான் கழியும். அதாவது தாயாரிடம் சொல்லாத அந்த 'முடியாது' காணாமல் போவதில்லை. மனைவியின் தூக்கத்துக்கு, விடுப்புக்கு, அவள் அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் போக வைத்திருந்த சனிக்கிழமைக்கு, வாயைத் திறக்காமலேயே அது சொல்லப்பட்டுவிடுகிறது.

சில நேரம் வாயைத் திறந்தும் சொல்லப்படும். அடுத்த முறை உண்மையிலேயே முடியாமல் போகும்போது அவர் தாயாரிடம் தரும் விளக்கம் இது: 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா, அவளுக்குத்தான் ஒத்துவரலை.' மறுப்பு வீட்டிலிருந்து வெளியே போகும்போது மனைவியின் பெயரில் பதிவாகிப் போகிறது. குடும்பங்களை ஆராய்ந்த மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதை முக்கோணம் என்று விளக்கினார். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் தாங்க முடியாமல் போனால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இறுக்கம் அந்தப் பக்கம் நகர்ந்ததும் முதல் இருவரும் நிம்மதியாகிவிடுவார்கள். நம் வீடுகளில் மாமியார்–மருமகள் சண்டை என்று பெயர் சூட்டப்பட்டதில் கணிசமான பங்கு, நடந்திருக்க வேண்டிய தாய்–மகன் சண்டைதான். அதை நடத்தாமல் விட்டவர் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மொட்டை மாடிக்குக் காற்று வாங்கப் போகிறார். தொலைக்காட்சித் தொடர்கள் பல வருடமாக அந்த இரண்டு பெண்களையே காட்டிக்கொண்டிருக்கின்றன. மொட்டை மாடிக்கு யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

முதல் மறுப்பு எப்படி வரும் என்று தெரியும்: வயதான காலத்தில் பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா? வேண்டும். சட்டமே சொல்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைத் தர வேண்டிய 'பிள்ளைகள்' யார் என்று அது பட்டியல் போட்டபோது மகன், மகள், பேரன், பேத்தி என்று எழுதியது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் மகனைக் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுத்தது. மகன் அதை வாசலில் வாங்கி, உள்ளே போய் உள்குத்தகைக்கு விட்டுவிட்டார். ஆனாலும் பெற்றவரின் மருந்துக்கும் மாத்திரைக்கும் மறுப்புச் சொல்லச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. சித்தி குடும்பம் நாலு நாள் தங்குவது அந்த நாலு தலைப்பில் எதிலும் வராது.

இன்னொரு மறுப்பு புராணத்திலிருந்து வரும். தாய் சொல்லைத் தட்டாதவன் என்று ராமனைக் காட்டுவார்கள். காட்டட்டும். ஆனால் கைகேயி சொன்ன காட்டுக்கு ராமன் தானே நடந்து போனான், வேறு ஆளை அனுப்பவில்லை. சீதை பின்னால் வந்தது அவளாக எடுத்த முடிவு. வர வேண்டாம் என்றுதான் அவன் வாதாடினான். நம் கதாநாயகருக்குப் பொருத்தமானவர்கள் பாண்டவர்கள். சுயம்வரத்திலிருந்து வந்தவர்கள் வாசலில் நின்று பிட்சை கொண்டுவந்தோம் என்றார்கள். குந்தி திரும்பிப் பார்க்காமலே எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றாள். ஐந்து மகன்களும் தாய் சொல்லைக் காப்பாற்றினார்கள். காப்பாற்றிய செலவு முழுக்கப் பாஞ்சாலி கணக்கில் ஏறியது. பலரும் மறந்துவிடும் பகுதி அடுத்தது. திரும்பிப் பார்த்த குந்தி பதறிப்போகிறாள். தெரியாமல் சொல்லிவிட்டேன், என் சொல்லும் பொய்க்காமல், இந்தப் பெண்ணுக்கும் அதர்மம் நேராமல் ஒரு வழி சொல் என்று மூத்த மகனிடம் கேட்கிறாள். கொண்டுவந்தது பிட்சை இல்லை, பெண் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவள் அந்த வார்த்தையைச் சொல்லியே இருக்க மாட்டாள். தாயார்கள் பெரும்பாலும் விலை தெரியாமல்தான் கேட்கிறார்கள். விலையை மறைப்பவர் மகன். எல்லாவற்றுக்கும் 'சரிம்மா' வரும் வீட்டில் எது உண்மையான சரி, எது பல்லைக் கடித்த சரி என்று அந்த அம்மாவுக்கும் தெரிய வழியில்லை. ஏமாற்றப்படுபவர்கள் இரண்டு பேர்.

மனைவியே நேராகச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பார்கள். எனக்குக் கொஞ்சம் தயக்கமூட்டும் கேள்வி இதுதான், ஏனென்றால் சில வீடுகளில் அது நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆனால் ஒரே மறுப்புக்கு இரண்டு வாயில் இரண்டு விலை. மகன் முடியாது என்றால் ஒரு வேளை கோபம், மறுவேளை 'சாப்பிட்டியாடா?' என்று போன். மருமகள் அதையே சொன்னால் அவள் வளர்ப்பு, அவள் அம்மா, பெண் பார்க்க வந்த அன்று காபி ஆறிப்போயிருந்தது வரை விசாரணைக்கு வரும். இரண்டு வயதில் சோற்றைத் துப்பியதிலிருந்து அந்த மகன் சொன்ன 'மாட்டேன்' எத்தனையோ ஆயிரத்தைத் தாங்கிப் பழகியவர் தாயார். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் உடைந்துவிட மாட்டார்.

மகன் 'முடியாது' என்று முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு விநாடிக்குப் பதிலாக இருபது விநாடி பேசினால் போதும்: 'வரட்டும்மா. அவளுக்கு ஆபீஸ்ல லீவு கிடையாது. நான் ரெண்டு நாள் லீவு போட்டு மாவு ஆட்டி, சமையல் பாத்துக்கறேன்.' மறுமுனையில் ஒரு மௌனம் வரும். பிள்ளை கிரைண்டரைக் கழுவும் காட்சியைத் தாயுள்ளம் ஒருமுறை ஓட்டிப் பார்க்கும். 'நீ எதுக்குடா கஷ்டப்படணும்?' என்பார். அதற்கப்புறம், இவ்வளவு நாள் யாருக்கும் தெரியாதிருந்த ஒரு தகவல் வெளியே வரும்: கல்யாண மண்டபத்திலேயே மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் போட்டிருக்கிறார்களாம், அட்டாச்டு பாத்ரூமோடு.