ஓ.டி.பி. வந்துச்சா?

டொராண்டோ பக்கம் வேலைக்குப் போயிருக்கும் கணவருக்கு, "என்னைக் கண்டுக்கவே மாட்டேங்கிறீங்க" என்று மெசேஜ் போட நல்ல நேரம் எது என்று கேட்டால், எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. கோடையில் அந்த ஊர் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவார்கள். பத்தரை மணி நேரமாகிவிடும். திருச்சியில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இரவு 9.30 மணிக்கு நான் மனம் நொந்து உட்கார்ந்தால், அவருக்குப் பகல் 11 மணி. ஆபீசில் மீட்டிங். என் துக்கம் அவர் சட்டைப் பையில் ஒரு தடவை 'டுர்' என்று அதிர்ந்து அடங்கிவிடும்.

அந்த ஒரு மணி நேரத்தை லேசாக நினைக்காதீர்கள். அக்டோபர் வரைக்கும் அவர் ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவார். எனக்கு விடிகாலை 5.30. பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள், மாமியார் குளியலறையில் இருப்பார், டம்ளரில் காபி ஆறும்வரை ஊர்க்கதை பேசலாம். நவம்பர் வந்தால் அதே 8 மணி எனக்கு 6.30. ஒரு பக்கம் டிபன் பாக்ஸ், மறு பக்கம் பாதி பின்னிய ஜடையோடு மகள், நடுவில் தாளிப்பு கருகுகிறது. "அப்புறம் பேசுறேங்க" என்று நானே வைத்துவிடுவேன். அந்த 'அப்புறம்' மார்ச் இரண்டாவது ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளிய பிறகுதான் வரும். பிரிவாற்றாமையில் பாதி அந்த ஊர் அரசாங்கத்தின் உபயம். மீதிப் பாதிக்கு என் வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

அவர் ப்ளூ டிக்கை அணைத்து வைத்திருக்கிறார். கேட்டால் ஆபீஸ் காரணம் சொல்வார். அணைத்தவருக்கும் மற்றவர்கள் படித்தது தெரியாது என்பதால், இதைத் தியாகம் என்று வேறு நினைத்துக்கொள்கிறார். ஆனால் வாய்ஸ் மெசேஜுக்கு இந்தத் தந்திரம் செல்லாது. போட்டுக் கேட்டுவிட்டால் பக்கத்திலிருக்கும் குட்டி மைக் நீலமாகிவிடும். ஆகையால் முக்கியமான சண்டைகளை நான் வாயால்தான் அனுப்புவது. மைக் நீலமாகியும் பதில் வரவில்லையென்றால் அதற்குத் தனிச் சண்டை.

மனத்தாங்கலை மட்டும் எழுத்தில் சொல்லிப் பார்த்தேன். "நான்னு ஒருத்தி இங்க இருக்கேங்கிற நினைப்பாவது இருக்கா?" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தது. எழுத எழுத அத்தைக்கு மூட்டுவலி, பள்ளிக்கூட ஃபீஸ், அவர் தங்கை கல்யாணத்தில் எனக்கு எடுத்த மட்டமான புடவை, தீர்ந்துபோன சிலிண்டர் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. மறுநாள் பதில் வந்தது: "சிலிண்டர் புக் பண்ணிட்டியா?"

ஆண்களை இதில் குறை சொல்ல முடியாது. ஏழு கேள்வி கேட்டால், விடை தெரிந்த ஒன்றைத்தான் எழுதுவார்கள். பரீட்சையில் நாமும் அப்படித்தானே தேறினோம். அதனால் கேள்வித்தாளையே மாற்றினேன். புடவையை அடித்தேன். சிலிண்டரை நானே புக் செய்தேன். 'எப்பவுமே', 'ஒரு தடவைகூட' என்பவற்றையும் எடுத்துவிட்டேன். அவை இருந்தால் மனுஷன் நான் சொன்னதை விட்டுவிட்டு, போன தீபாவளிக்கு ஒரு தடவை தானாகக் கூப்பிட்டதற்கு ஆதாரம் தேட ஆரம்பித்துவிடுவார். மிஞ்சியது இதுதான்:

"ஏங்க, கொஞ்ச நாளா 'ம்', 'ஓகே' தவிர உங்ககிட்டேருந்து எதுவும் வரல. எனக்குக் கஷ்டமா இருக்கு. ஞாயித்துக்கிழமை உங்களுக்குக் காலைல 9, எனக்கு சாயங்காலம் 7.30. அரை மணி நேரம் பேசணும். முடியுமா, முடியாதா?"

இரண்டு சாம்பல் டிக் விழுந்தது. அத்தோடு சரி.

மறுநாள் காலை இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து மெசேஜ்: "ஓ.டி.பி. வந்துச்சா?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய இந்திய நம்பர் என்னிடம் இருக்கும் பழைய போனில்தான் உயிரோடு இருக்கிறது. இங்குள்ள அவர் பேங்க் கணக்கில் எதைத் தொட்டாலும் ஆறு இலக்கம் திருச்சிக்குத்தான் வரும், சில நிமிடத்தில் காலாவதியாகும். என் மெசேஜுக்கு நாள்கணக்கில் யோசிக்கிற மனுஷன், ஓ.டி.பி.க்கு மட்டும் நொடிக்கு ஒரு கேள்விக்குறி போடுவார்.

"வந்துச்சு" என்றேன்.

"அனுப்பு."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு பேங்க்லயே போட்டிருக்காங்க."

"ஏய், விளையாடாதே. டைம் போயிட்டிருக்கு!"

"மேல ஒரு மெசேஜ் இருக்கே, படிச்சீங்களா?"

டைப்பிங் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நான் இட்லிப் பானையை மூடிவிட்டு வந்து பார்த்தேன். நாலு வரி. எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் எழுதிய மிக நீளமான உரைநடை அதுதான். வேலையில் ஆள் குறைத்துவிட்டார்களாம், ராத்திரி ரூமுக்கு வந்தால் பேசவே தெம்பில்லையாம், ஞாயிறு 9 மணிக்கு அவரே கூப்பிடுகிறாராம், சாரிமா. நாலாவது வரியின் கடைசியில், "பழசு எக்ஸ்பயர் ஆயிடுச்சு, ரீசெண்ட் குடுத்திருக்கேன், தயவுசெஞ்சு அனுப்பு."

அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.