தண்ட வட்டிப் பிரிவை இயற்றிய புலவர் பெருமக்களுக்கு

கடன் ஒப்பந்தம் எழுதும் நிறுவனத்தாருக்கு, திருப்பாலைவனம் வட்டாரத்திலிருந்து ஒரு கடிதம்.

பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் வலைக்கும் இன்ஜினுக்கும் நீங்கள் கடன் தருகிறீர்கள்; நன்றி. ஆனால் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் தமிழில் காட்டும் கருணைதான் புரியவில்லை. வட்டி, தண்டப் பிரிவுகளைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: “50,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 24 சதவீதம். 12 மாதத் தவணை. டியூ தவறினால் மாதம் 2 சதவீதம் தண்டம்.” எதன் மீது 2 சதவீதம்? அந்த ஒரு சொல்லைத்தான் காணோம். தவறிய தவணை 4,728 ரூபாய் மீது என்றால், 15 நாள் தாமதத்துக்குச் சுமார் 47 ரூபாய். முழுக் கடன் மீது என்றால் 500 ரூபாய். நுண்கடனில் தண்டம் நிலுவைத் தொகை மீது மட்டுமே என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லிவிட்டது. தண்டத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, அதற்கு மேல் வட்டி போடவும் கூடாது என்று 2023 ஆகஸ்டில் பெரும்பாலான கடன்களுக்கும் சொன்னது. உங்கள் மௌனம் மட்டும் இரண்டையும் படிக்கவில்லை.

இனித் தவணைக் கணக்கு. 24 சதவீதம் என்றால் மாதம் 2. முதல் மாத வட்டி 1,000. கட்டும் 4,728-இல் மீதி 3,728 அசலில் கழியும். பாக்கி 46,272, அடுத்த மாத வட்டி 925. இப்படி வட்டி இறங்க இறங்க அசல் கூடுதலாகக் கழிந்து, 12-ஆம் மாதம் கடன் தீரும். மொத்த வட்டி 6,736 ரூபாய். இதே 24-ஐ ‘பிளாட்’ என்று போட்டால் வட்டி 12,000, தவணை 5,167. திருப்பிக் கொடுத்த பணத்துக்கும் வட்டி. படகை ஒப்படைத்த பிறகும் வாடகை வாங்குவதைப் போல. உண்மையான விகிதம் ஏறத்தாழ 42 சதவீதம். கண்டுபிடிக்க ஆடிட்டர் வேண்டாம்: தவணை 4,728-ஆ, 5,167-ஆ என்று பார்த்தால் போதும்.

“சட்டச் சொற்களைத் தமிழில் சொன்னால் பொருள் நழுவும்” என்பீர்கள். வசூலுக்கு வரும் ஊழியர் வாசலில் நின்று பேசும் தமிழில் ஒரு பொருளும் நழுவுவதில்லையே! கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்பதும் விதிதான். “தண்டம் இல்லாவிட்டால் யாரும் கட்ட மாட்டார்கள்” என்பது இரண்டாவது வாதம். அதில் நியாயம் உண்டு. தாமதத்துக்கு விலை இருக்கட்டும். ஆனால் ஏரியில் பாடு முறைப்படி வலை விரிக்கும் வாய்ப்பு ஒருவருக்கு எந்த நாளில் வரும் என்பது உங்கள் தவணை நாளான 5-ஆம் தேதியைக் கேட்டு முடிவாவதில்லை. வருமான நாளை ஒட்டித் தவணை நாளை வைத்தால் தண்டத்துக்கே வேலை குறையும்; அதுதான் உங்கள் வருத்தமோ என்னவோ.

ஆகவே வேண்டுவது மூன்று வரி: வட்டி குறையும் பாக்கிக்கா பிளாட்டா; தண்டம் எந்தத் தொகை மீது; மொத்தம் கட்டுவது எவ்வளவு. மூன்றையும் தமிழில், கையெழுத்துக்கு மேலே அச்சிடுங்கள். ஆங்கிலப் பக்கங்களை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு நாங்கள் வட்டி கேட்க மாட்டோம்.