இன்டர்ன்ஷிப் முடியப் போகிறது... அப்புறம்?

கே: பெருங்குடி சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் இன்டர்ன். மே 29-இல் முடிகிறது. நிரந்தர வேலை உண்டா என்று மேனேஜருக்கு மெயில் போடலாமா, கடைசி நாள் நேரிலேயே கேட்டுவிடலாமா?
— வாசகி, சேலையூர்

ப: கடைசி நாளில் கேக் கிடைக்கும். வேலை கிடைப்பது சிரமம்.

மேனேஜருக்கு உங்களைப் பிடித்திருக்கலாம். ஆனால் அவர் டீமில் சம்பளம் போட ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பது தனிக்கதை. ஏப்ரல்–மார்ச் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் இந்த ஹெட்கவுன்டைப் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடிவு செய்கின்றன. அமெரிக்கத் தலைமையகத்தோடு சேர்ந்து ஜனவரி–டிசம்பர் கணக்குப் பார்ப்பவர்கள் முந்தைய ஆண்டு இறுதியிலேயே முடித்துவிடுவார்கள். உங்கள் கம்பெனி எந்த ரகம் என்று டீமில் நாலு வருஷம் பழகிய சீனியரிடம் கேளுங்கள், கேன்டீன் வரிசையிலேயே பதில் வந்துவிடும்.

இடம் இருந்தாலும் மேனேஜர், அவருக்கு மேலே ஒருவர், எச்.ஆர்., நிதிப்பிரிவு என்று ஒப்புதல் சுற்றிவரச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே ஏப்ரல் நடுவில் அனுப்புங்கள். அதற்கு முந்தின நாள், "சார், ஒரு மெயில் அனுப்பப்போகிறேன்" என்று நேரில் சொல்லிவிடுங்கள். திடீரென்று வந்து விழும் மெயிலை யாருக்கும் பிடிக்காது.

கே: சரி, என்ன எழுதுவது? இரண்டு முறை எழுதினேன். இரண்டும் லீவ் லெட்டர் மாதிரி இருக்கின்றன.
— அதே வாசகி

ப: அந்த மெயிலுக்கு இரண்டு வாசகர்கள். மேனேஜர் படித்துவிட்டு எச்.ஆருக்கு ஃபார்வர்டு செய்வார். அங்கே உங்களைப் பார்த்தேயிராத ஒருவர் அதை வைத்துக்கொண்டு இந்தப் பெண்ணுக்கு ஏன் இடம் தரவேண்டும் என்று யோசிப்பார். "உங்கள் அன்பான வழிகாட்டுதலை மறக்கமாட்டேன்" என்பது அவருக்கு எதையும் சொல்லாது. ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள் என்றாலும் உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

பொருள்: மே 29-இல் இன்டர்ன்ஷிப் நிறைவு – நிரந்தரப் பணி குறித்து

"வணக்கம் சார். ஜனவரியிலிருந்து பில்லிங் ரிப்போர்ட் டெஸ்டிங்கைப் பார்த்துவருகிறேன். கையால் செய்தபோது இரண்டு நாள் எடுத்த மாதாந்திரச் சோதனை, நான் எழுதிய ஸ்கிரிப்டால் இப்போது அரை நாளில் முடிகிறது. மே ரிலீஸும் என் பொறுப்பில் இருக்கிறது. இந்த டீமில் நிரந்தரமாகச் சேர விரும்புகிறேன். ஜூன் முதல் இடம் இருக்கிறதா, இருந்தால் தேர்வுமுறை என்ன? இங்கே இல்லையென்றால் வேறு டீமுக்கு விண்ணப்பிக்க உங்கள் பரிந்துரை கிடைக்குமா? மே 4-க்குள் தெரிந்தால் கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லுக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்."

அவ்வளவுதான். இரண்டு நாள் அரை நாளானது எச்.ஆருக்கும் புரியும். மே ரிலீஸ் உங்கள் கையில் இருக்கிறது என்பது, நீங்கள் போனால் யார் பார்ப்பார்கள் என்ற கவலையை மேனேஜருக்குச் சத்தமில்லாமல் கொடுக்கும். வேறு டீம் பற்றிக் கேட்பதால், இடமே இல்லாத மேனேஜரும் "இல்லை" என்று சொல்வதோடு நிற்காமல் ஏதாவது செய்யலாம். தேதியைக் கல்லூரி மேல் போட்டிருப்பதால் மிரட்டலாகவும் தெரியாது. அது பொய்யும் இல்லை: கல்லூரி வழியாக வந்த இன்டர்ன்ஷிப் என்றால் வேலைக்கான ஆஃபரும் பெரும்பாலும் அந்தச் செல் வழியாகத்தான் வரும். அதை ஏற்ற பிறகு மற்ற கேம்பஸ் இன்டர்வியூக்களில் உட்காரவிடாத கல்லூரிகள் பல. அந்த விதியை முதலில் படித்துவிடுங்கள்.

கே: இன்டர்ன்ஷிப்பை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கிறோம் என்கிறார்கள். நல்ல சகுனமா?
— வாசகர், மேடவாக்கம்

ப: முதல் நீட்டிப்பு என்றால் ஒப்புதல் எங்கோ நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது என்றால் மலிவான ஆள் நீங்கள். "நீட்டிப்புக்கு நன்றி. நிரந்தரப் பணி பற்றி எந்தத் தேதிக்குள், யார் முடிவு செய்வார்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். தேதி சொல்லாமல் தோளில் தட்டிக்கொடுத்தால் வேறு இடத்தில் விண்ணப்பிக்க ஆரம்பிக்கலாம்.

கே: டிப்ளமோ முடித்துவிட்டுத் தாம்பரம் சானடோரியம் மெப்ஸில் ஒரு வருட அப்ரென்டிஸ். இந்த மெயில் எனக்கும் பொருந்துமா?
— வாசகர், கூடுவாஞ்சேரி

ப: பொருந்தும், ஆனால் உங்களிடம் கூடுதலாக ஒரு காகிதம் இருக்கிறது. நீங்கள் இன்டர்ன் அல்ல. 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டத்துக்குள் இருப்பவர். பயிற்சி முடிந்தவருக்கு வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பயிற்சிக் காலத்தில் நீங்கள் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல என்கிறது 18-ஆம் பிரிவு. இதுவரை கெட்ட செய்தி.

இனி 22-ஆம் பிரிவு. 2014-இல் திருத்திய பிறகு, பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு எடுப்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. ஆகவே உங்கள் மெயிலில் "வேலை கிடைக்குமா?" என்று கேட்பதைவிட, "22-ஆம் பிரிவின்படி நம் நிறுவனத்தின் கொள்கை என்ன, அதன்கீழ் நான் எப்படி விண்ணப்பிக்க வேண்டும்?" என்று கேளுங்கள். முன்னதற்கு உதட்டைப் பிதுக்கினால் போதும். பின்னதற்கு ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்தாக வேண்டும்.

அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. பயிற்சி முடிந்ததும் இங்கேயே பணியாற்ற வேண்டும் என்று உங்கள் பயிற்சி ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், தகுந்த வேலை கொடுக்க நிறுவனமும் கட்டுப்பட்டது, சேர நீங்களும் கட்டுப்பட்டவர். கையெழுத்துப் போட்ட நாளில் யாரும் படிக்காத அந்த ஒப்பந்தத்தை இன்று ராத்திரி படியுங்கள்.

ஒரு வருடம் முடிந்ததும் ஏன் புது ஆளை எடுக்கிறார்கள் என்றும் கேட்பீர்கள். உங்கள் பயிற்சி தேசிய அப்ரென்டிஸ் திட்டத்தின் கீழ் என்றால், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. நிரந்தரமாக்கினால் முழுச் சம்பளமும் கம்பெனி பணம், கூடவே பி.எஃப். ஆகவே புது ஆளுக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் செலவு எவ்வளவு என்பதை மெயிலில் நாசூக்காகக் காட்டுங்கள்: எந்த மெஷினைத் தனியாக ஓட்டுகிறீர்கள், அதைப் பழக எத்தனை மாதம் ஆனது என்று. வேலை வந்தாலும் வராவிட்டாலும் பயிற்சிச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். அதில் சிக்கல் என்றால் இந்தத் திட்டத்தைத் தென் மாநிலங்களுக்கு நடத்தும் அப்ரென்டிஸ் பயிற்சி வாரியம் தரமணியில்தான் இருக்கிறது.

கே: அரசு பஸ் பணிமனையில் பயிற்சி முடிக்கிறேன். எனக்கு முன்னுரிமை உண்டென்று நண்பன் அடித்துச் சொல்கிறான்.
— வாசகர், குரோம்பேட்டை

ப: நண்பன் பாதி சரி. உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: மற்ற தகுதிகள் சமமாக இருந்தால், நேரடியாக வருபவரைவிடப் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை. ஆள் எடுக்கும்போதுதான் அது உதவும். அறிவிப்பே வராத வருடத்தில் எதற்கு முன்னுரிமை? ஆகவே மெயிலில் தீர்ப்பைக் காட்டி மிரட்டாமல், அடுத்த ஆள்சேர்ப்பு எப்போது என்று கேட்டு, சான்றிதழைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கே: மெயில் அனுப்பிப் பத்து நாள். பதிலே இல்லை. ஒரு பழக்கூடையோடு மேனேஜர் வீட்டுக்குப் போய்ப் பார் என்கிறார் அப்பா.
— வாசகி, பல்லாவரம்

ப: பழத்தை அப்பாவோடு சேர்ந்து சாப்பிடுங்கள். பழைய மெயிலுக்கே ரிப்ளை போட்டு, இந்தப் பத்து நாளில் முடித்த ஒரு வேலையைச் சேர்த்து, "வியாழன் அல்லது வெள்ளி பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று கேளுங்கள். செவ்வாய் காலை அனுப்புங்கள், திங்கட்கிழமை அவரே யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.