ரெண்டு வட்டி, முன்வட்டி

1970-களில் மதுரை கீழமாசி வீதிப் பக்கம் கடை வைத்திருந்தவர்களிடம் வட்டி என்ன என்று கேட்டால், "ரெண்டு வட்டி" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், வருஷத்துக்கு 24. எங்கள் அப்பாவும் ரெண்டு வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்தான். பத்து வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபம் பொத்துக்கொண்டு வரும்.

கடன் கொடுக்கும் பெரியவர் நாணயஸ்தர். 10,000 ரூபாய்க்குப் புரோநோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு மேல் கையெழுத்து வாங்குவார். நூறு நூறுரூபாய்த் தாள்களை அப்பா கண்முன்னே ஒன்றுவிடாமல் எண்ணுவார். எண்ணி முடித்ததும் மேலேயிருந்து ஆறு தாளை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொள்வார். "இது மூணு மாச வட்டி தம்பி. முன்கூட்டியே பிடிச்சிட்டா உங்களுக்கும் தொல்லையில்ல, எனக்கும் தொல்லையில்ல." அப்பா 9,400-ஐ மடியில் கட்டிக்கொண்டு, தொல்லை தீர்ந்த நிம்மதியோடு வருவார்.

பெரியவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மூன்று மாதத்துக்கு 6 சதவீதம் என்றார், 6 சதவீதம்தான் எடுத்தார். ஆனால் எதில் 6 சதவீதம்? திருப்பிக் கட்டப்போகும் 10,000-ல். அப்பா கையில் வந்த 9,400-க்கு 600 என்றால் 6.38 சதவீதம். முடிவில் கட்டும் தொகையின் மேல் போடுவது கழிவு வீதம். கையில் வாங்கிய தொகையின் மேல் போடுவது வட்டி வீதம். பெரியவர் சொன்ன 24, வருஷத்துக்கு நாலு தடவை கழிக்கும் பெயரளவுக் கழிவு வீதம். அப்பா அதை வட்டி வீதம் என்று நினைத்துக்கொண்டே ஆயுள் முழுக்க நிம்மதியாக வியாபாரம் செய்தார்.

ஒன்றை மற்றொன்றாக மாற்றப் பெரிய கணக்கு வேண்டாம். கழிவு வீதம் d, வட்டி வீதம் i, வருஷத்துக்கு m தடவை என்றால்:

1/d − 1/i = 1/m

24 சதவீதம் என்பது 0.24. அதன் தலைகீழ் 4.1667. வருஷத்துக்கு நாலு தடவை என்பதால் 0.25-ஐக் கழித்தால் 3.9167. அதைத் திரும்பத் தலைகீழாக்கினால் 0.2553. ஆக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேரும் பெயரளவு வட்டி 25.53 சதவீதம். அப்பா புரோநோட்டை வருஷம் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே போனால் கூட்டு வட்டியில் உண்மையான சுமை என்ன? 0.94-ஐ நாலு தடவை பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் 1.2808. அதாவது 28.08 சதவீதம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அடிக்கடி வட்டி சேர்ந்தால் கடன்காரனுக்குக் கூடுதல் பாரம் என்று காமர்ஸ் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்வட்டிக்கு அது சரி. 24 சதவீத வட்டி வருஷத்துக்கு ஒருமுறை என்றால் 24, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் 26.25, மாதாமாதம் என்றால் 26.82. முன்வட்டியில் எல்லாம் தலைகீழ். அதே 24-ஐ மாதாமாதம் கழித்தால் சுமை 27.43, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் 28.08, வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் பிடித்தால் 76 ரூபாய்க்கு 24 ரூபாய், அதாவது 31.58. தவணையைச் சுருக்கிக்கொண்டே போனால் பின்வட்டி மேலே ஏறும், முன்வட்டி கீழே இறங்கும், இரண்டும் 27.12-ல் வந்து சேரும்.

இது தெரியாமல் ஒரு வருஷம், மூணு மாசத்துக்கு ஒருதரம் போய் நிற்பது கௌரவக் குறைச்சல் என்று அப்பா ஒரேயடியாக வருஷ நோட்டு எழுதிக் கொடுத்தார். கையில் 10,000 வேண்டுமென்று 13,158-க்குக் கையெழுத்துப் போட்டார். பெரியவர் அன்றைக்குக் காபி வாங்கிக் கொடுத்தாராம். "வீதம் அதேதான் தம்பி, உங்களுக்காகக் கூட்டல" என்றும் சொன்னாராம்.

பத்து வட்டிக்காரர்கள் ஏன் வருஷ முன்வட்டி கேட்பதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. வருஷத்துக்கு 120 சதவீதம் முன்கூட்டிப் பிடித்தால், நூறு ரூபாய் நோட்டுக்கு நாம்தான் 20 ரூபாய் கொடுத்துவிட்டு வர வேண்டும். வருஷக் கடைசியில் நூறையும் கட்ட வேண்டும். வட்டி எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம். கழிவு மட்டும் ஒரு தவணையில் நூறைத் தொட முடியாது. தொட்டால் கடனே இல்லை.

அதெல்லாம் அந்தக் காலம். இப்போது கடை என் மகன் கையில். பெரியவர் இருந்த இடத்தில் ஏ.சி. போட்ட வங்கி, புரோநோட்டு இருந்த இடத்தில் பில் டிஸ்கவுண்ட். சரக்கு வாங்கிய கம்பெனி மூன்று மாதம் கழித்துக் கொடுக்க வேண்டிய 5 லட்ச ரூபாய் பில்லுக்கு, வங்கி இன்றைக்கே 4,85,000 தருகிறது. ஆறு தாளை எடுத்துப் பெட்டியில் போடும் காட்சி கிடையாது; குறுஞ்செய்தி வருகிறது. முன்வட்டி என்ற கெட்ட பெயரும் போய்விட்டது.

"பில்லுக்கு 12 பர்சென்ட், ஓ.டி.க்கு 12.25. இதுல யோசிக்க என்னப்பா இருக்கு?" என்றான் மகன். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வந்திருந்த பையன் விடவில்லை. "அண்ணே, பில்லு முன்கூட்டிப் பிடிக்கிறது. வட்டியா மாத்துனா 12.37. ஓ.டி.தான் மலிவு."

பையன் மாற்றியது சரிதான்: 0.12-ன் தலைகீழ் 8.3333, கால் போக 8.0833, திரும்பத் தலைகீழாக்கினால் 12.37. ஆனால் அது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேரும் வட்டி, ஓ.டி.யின் 12.25 மாதாமாதம் சேர்வது. தவணை வேறான இரண்டு பெயரளவு வீதங்களை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. இரண்டையும் வருஷக் கணக்குக்குக் கொண்டுவந்தேன். 0.97-ஐ நாலு தடவை பெருக்கி ஒன்றை வகுத்தால் பில்லுக்கு 12.96. ஓ.டி.க்கு 12.25-ஐப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் கூட்டினால் அதுவும் 12.96. ஒரு மணி நேரமாக நடந்த வாக்குவாதம் இரண்டு தசம இடத்துக்குள் சமமாகி நின்றது.

அரசாங்கமும் இப்படித்தான் கடன் வாங்குகிறது. 91 நாள் கருவூல உண்டியலை நூறுக்குக் குறைத்து விற்று, முடிவில் நூறாகத் தருகிறது. ஆனால் ரிசர்வ் வங்கி ஏலத்தில் அறிவிப்பது, போட்ட பணத்தின் மேல் கணக்கிட்ட வட்டியை. 98.50-க்கு வாங்கினால் 6.11 சதவீதம் என்பார்கள். நூறின் மேல் கணக்கிட்ட 6.02-ஐச் சொல்ல மாட்டார்கள். கடன் கொடுப்பவனிடம் பெரிய எண்ணையும், வாங்குபவனிடம் சின்ன எண்ணையும் சொல்வது வழக்கம் போலிருக்கிறது.

வீதம் சமம் என்றான பிறகு மகனுக்கு மிச்சமிருந்தது ஒரே கேள்வி: கம்பெனி முன்னதாகப் பணம் அனுப்பினால்? ஓ.டி.யில் பணம் விழுந்த அன்றோடு வட்டி நின்றுவிடும். பில்லில் ஏற்கெனவே பிடித்த 15,000-ல் மிச்ச நாளுக்கானது திரும்பி வருமா என்று வங்கியில் கேட்டான். "அதுக்கு வழியில்ல சார், ஆனா வீதம் ரொம்பக் குறைச்சல்" என்றார்கள். அடுத்த நாளே ஓ.டி.க்கு எழுதிக் கொடுத்தான்.