இனிமேல் என்றால் எப்போதிலிருந்து?

வீட்டிலிருந்தபடி இன்ஸ்டாகிராமில் சின்னாளப்பட்டி, நெகமம் காட்டன் புடவை விற்கிறேன். ஏழு நாளைக்குள் எந்தக் காரணமும் கேட்காமல் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தருவதாக அறிவித்திருந்தேன். காரணம் கேட்காததால் திருப்பியவர்களும் சொல்லவில்லை, புடவையே சொல்லிவிட்டது. முகூர்த்த நாள் முடிந்த வாரம் திரும்பி வந்ததில் சந்தனம் மணந்தது. தோள்பட்டை மடிப்பில் ஊக்குக் குத்திய ஓட்டை. இன்னொன்றை உதறினால் மல்லிகைப்பூவோடு ஒரு ஹேர்பின் விழுந்தது. பந்தியில் என்ன பாயசம் என்பதைக்கூடச் சொல்லிவிடும் போலிருந்தது. அதைப் புதுசு என்று அடுத்தவருக்கு விற்க முடியுமா?

விதியை மாற்றுவதென்று முடிவானதும், தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்தார். “பொருள்: திரும்பப் பெறுதல் நடைமுறை திருத்தம் தொடர்பாக” என்று தொடங்கி, பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று போய், எது மாறியது என்பது ஒன்பதாவது வரியில் வந்தது. இன்ஸ்டாகிராமில் ஓரிரு வரிக்கு மேல் படிக்க ‘more’ என்பதைத் தொட வேண்டும். புடவை பார்க்க வந்தவர் பார்வை இரண்டுக்காக அதைத் தொடுவார் என்று அவர் நம்பினார். முப்பது வருஷ சர்வீஸ், நம்பிக்கை இருக்கத்தான் செய்யும்.

என் மகன் நேர் எதிர். “நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்” என்று சிவப்பில் போடும்மா, முடிந்தது என்றான். முடியாது. பழுதான சரக்கைத் திரும்ப வாங்க மறுப்பது 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் முப்பது நாள் வரை வாங்கியாக வேண்டும். ஆகவே மனசு மாறித் திருப்புவதற்கும், கிழிசலோ வேறு புடவையோ வந்ததற்காகத் திருப்புவதற்கும் தனித்தனி வரி வேண்டும். மாற்றம் முதல் வகைக்கு மட்டும்தான்.

அடுத்து தேதி. ‘இனிமேல்’ என்று போட்டால், அந்தப் பதிவை ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு அது எந்த இனிமேல்? 1/9 என்றும் போட முடியாது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகள் அதை ஜனவரி ஒன்பது என்றுதான் படிப்பாள். மாதத்தை எழுத்தில் போட்டேன். அதன் பிறகும் ஒரு சிக்கல்: செப்டம்பர் 1 என்பது ஆர்டர் போட்ட நாளா, கூரியர் கொண்டுவந்த நாளா? திருநெல்வேலிக்காரர் ஆகஸ்ட் 30 அன்று பணம் கட்டுகிறார். புடவை செப்டம்பர் 3-இல் போய்ச் சேர்கிறது. பழைய விதியை நம்பித்தானே பணம் கட்டினார்? அவருக்குப் பழையதுதான். அதனால் கணக்கு பணம் கட்டிய நாளை வைத்து.

காரணத்தை எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஹேர்பின்னைப் பற்றி எழுதக் கை துறுதுறுத்தது. எழுதினால் ஒழுங்காகப் புடவை வாங்கும் அத்தனை பேரும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். ஹேர்பின்காரர் மட்டும் நினைக்க மாட்டார். “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்று பூசி மெழுகினால் நஷ்டத்தில் ஓடுகிறேன் என்று பேச்சு கிளம்பும். நடந்ததைப் பெயரில்லாமல் ஒரே வரியில் சொன்னேன். ஆகஸ்ட் நடுவில் போட்ட பதிவு இது:

“செப்டம்பர் 1 முதல் பணம் கட்டும் ஆர்டர்களுக்கு: பிடிக்கவில்லை என்று திருப்பினால் வேறு புடவை தருவோம், பணம் தர மாட்டோம்.
காரணம்: உடுத்திய புடவைகள் திரும்பி வருகின்றன. அவற்றைப் புதிதென்று விற்க முடியாது.
புடவை கைக்கு வந்து 3 நாளைக்குள் சொல்லுங்கள். ஃபால்ஸ் தைக்காமல், பிளவுஸ் துணி வெட்டாமல் இருக்க வேண்டும். கூரியர் செலவு உங்களுடையது.
கிழிசல், கறை, தவறான புடவை வந்தால் பழையபடியே: முழுப் பணமும் கூரியர் செலவும் தருவோம்.
ஆகஸ்ட் 31 இரவு 12 மணிக்குள் பணம் கட்டியவர்களுக்கு, புடவை எப்போது வந்தாலும், பழைய 7 நாள் விதிதான்.”

பதிவைப் பக்கத்தின் தலையில் பின் செய்தேன். பழைய விதி இருந்த ஹைலைட்டையும், பார்சலில் வைக்கும் அச்சுச் சீட்டையும் செப்டம்பர் 1 அன்று மாற்றுவதற்குத் தயாராக வைத்தேன். ஒரு மூலையில் பழையது கிடந்தாலும், சண்டைக்கு வருபவர் சரியாக அந்த மூலையைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வருவார்.

“ஒரு வணக்கம்கூட இல்லையே” என்று வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். இவ்வளவு பச்சையாக எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்றான் மகன். ஆகஸ்ட் 31 இரவு பதினொன்றே முக்காலுக்கு ஓர் அம்மாள் மூன்று புடவைக்குப் பணம் அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: “பழைய ரூல்தானே? வெள்ளிக்கிழமை கல்யாணம், சீக்கிரம் அனுப்பும்மா.”