இன்று முதல் தங்கள் கணக்கு என் பொறுப்பில்

பென்னலூரைச் சுற்றி ஆலைகள் அவ்வளவு எளிதில் இடம் மாறுவதில்லை. 1998லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வந்துகொண்டிருக்கிறது. 2010லிருந்து ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொடங்கிய ஆலை இருக்கிறது. 2014 நவம்பரில் நோக்கியா மூடியதுபோல எப்போதாவது ஒன்று நடந்தால் ஊரே பத்து வருஷம் பேசும். ஆனால் அந்த ஆலைகளுக்குச் சரக்கும் சர்வீஸும் தருகிற கம்பெனிகளில் அக்கவுண்ட் மேனேஜர் என்று ஒருவர் உண்டே, அவர் மாறுவதை யாரும் பேச மாட்டார்கள். பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார்.

புதிதாக வருகிறவரை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும். பென்னலூர் டீக்கடையில் லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, போன மேனேஜர் விட்டுப்போன எக்செல் ஷீட்டைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் நாற்பது வாடிக்கையாளர் பெயர் இருக்கும். குறிப்பு என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் 'ஓகே' என்றே எழுதியிருக்கும். எது ஓகே, யாருக்கு ஓகே என்று கேட்கலாமென்றால் போன மேனேஜர் இல்லை. அவர் ஓசூரில் வேறொரு கம்பெனியில் சேர்ந்து, அங்கே உள்ள நாற்பது பேருக்கு அறிமுக மெயில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நம்மவரும் எழுதுகிறார். முதல் பத்தியில் தன்னுடைய பதினோரு வருஷ அனுபவம், இரண்டாம் பத்தியில் கம்பெனியின் தொலைநோக்கு, மூன்றாம் பத்தியில் 'தங்களின் புதிய தேவைகளைத் தெரிவித்தால் சேவை செய்யக் காத்திருக்கிறோம்'. கீழே இருபது பக்கக் கேட்லாக். நாற்பது முகவரிகளையும் மொத்தமாக சிசியில் போட்டு அனுப்பிவிட்டு அடுத்த டீ சொல்கிறார். பிசிசி என்று ஒன்று இருப்பது அடுத்த டீ வருவதற்குள் ஞாபகம் வருகிறது. அதற்குள் ஒரகடத்து பிரேக் கம்பெனிக்குத் தன் போட்டிக் கம்பெனியும் அதே ஆளிடம்தான் வேலை கொடுக்கிறது என்பது தெரிந்துபோயிற்று.

வந்த பதில்கள் ரகத்துக்கு ஒன்று. நாலு மெயில் திரும்பி வந்தது, அந்த பர்ச்சேஸ் மேனேஜர்களும் எங்கோ மாறிப்போயிருந்தார்கள். ஒருவர் 'நோட்டட்' என்று ஒற்றைச் சொல் போட்டார். பிள்ளைப்பாக்கத்து மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் மட்டும் போனிலேயே பிடித்தார்.

"தம்பி, பழைய சார் எங்க?"

"அவர் ரிசைன் பண்ணிட்டார் சார். இனிமே எல்லாத்துக்கும் நான்தான்."

"எல்லாத்துக்குமா? சரி. மார்ச்ல சர்வீஸ் லேட்டானதுக்கு ஒரு டெபிட் நோட் போட்டோம், பார்த்தீங்களா? ரெண்டாம் நம்பர் கம்ப்ரசருக்கு செப்பரேட்டர் அடுத்த வாரம் வந்துடும்னு அவர் சொன்னது எந்த வாரம்?"

தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையிடம் மாமனாரின் பழைய கடனைக் கேட்டால் எப்படி விழிப்பார், அப்படி விழித்தார் நம்மவர்.

அந்த மெயிலின் கோளாறு அங்கேதான் இருக்கிறது. அது முழுக்க வந்தவரைப் பற்றிப் பேசுகிறது. வாங்குகிறவர்களுக்கோ வந்தவரின் சுயசரிதை வேண்டாம், போனவரின் பாக்கி வேண்டும். பாதி வேலையில் நிற்கிற புகார் எது, கொடுத்த கொட்டேஷனில் எது இன்னும் செல்லும், ஏ.எம்.சி. என்றைக்கு முடிகிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு மிஷின் நின்றால் யாரை எழுப்புவது. இதற்குப் பதில் இருந்தால் மெயில் படிக்கப்படும்.

இந்தப் பாக்கியிலும் எழுதாத பாக்கிதான் ஆளைக் கவிழ்ப்பது. போனவர் ஒரு வாடிக்கையாளருக்கு அறுபது நாள் கடன் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். நம்மவரின் கம்பெனியோ சிறு நிறுவனமாகப் பதிவு செய்தது. 2006ஆம் வருஷத்துச் சட்டப்படி அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலே 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வருமான வரியும் இதில் சேர்ந்துகொண்டது: கெடு தாண்டினால், பணம் கொடுக்கிற வருஷத்தில்தான் வாங்கியவர் அதைச் செலவாகக் காட்டலாம். நம்மவர் இந்த வாய்வார்த்தையைக் கேள்விப்பட்டதே, அந்த வாடிக்கையாளரின் அக்கவுண்ட்ஸ் அம்மா "அறுபது நாள்னுதானேப்பா பேச்சு?" என்று கேட்டபோதுதான்.

இதே வட்டாரத்தில் உள்ள ஜப்பானியக் கம்பெனிகளில் வேறு வழக்கம். போகிறவரும் வருகிறவரும் ஜோடியாகப் படியேறுவார்கள். இரண்டு கையாலும் கார்டு கொடுத்து, குனிந்து நிமிர்ந்து, பழைய புகார்களை ஒவ்வொன்றாக ஒப்படைப்பார்கள். நம்மூரில் போகிறவருக்கு நோட்டீஸ் பீரியடில் மீதி லீவ் எடுத்து முடிக்கவே நேரம் போதவில்லை.

டெபிட் நோட்டைத் தீர்க்கப் பிள்ளைப்பாக்கம் போன இடத்தில்தான் நம்மவருக்குப் புதிய தேவை என்பது கண்ணில் பட்டது. கேட்லாக்கில் பட்டது அல்ல. இன்சார்ஜ் புலம்பினார்: "புது லைன் போட்டதுலேருந்து காத்து பத்தல. இன்னொரு கம்ப்ரசர் வேணும்னு புரொடக்‌ஷன்ல நச்சரிக்கிறாங்க." நம்மவர் மனதில் அந்த மாத டார்கெட் தித்தித்தது. கூட வந்த சர்வீஸ் டெக்னீஷியன் மனுஷன் நல்லவர், கெடுத்தார். "ஞாயித்துக்கிழமை லைன் எல்லாம் நிக்குமில்ல சார், அப்ப ஒரு தடவ பார்த்துடலாமே" என்றார்.

பார்த்தார்கள். ஒரு மிஷின்கூட ஓடவில்லை, காற்றை யாரும் எடுக்கவில்லை. அப்படியானால் பைப்பை நிரப்பியதும் கம்ப்ரசர் லோடு எடுப்பதை நிறுத்திச் சும்மா சுற்ற வேண்டும். இங்கேயோ மூன்று நிமிஷம் லோடு, ஒன்பது நிமிஷம் அன்லோடு, மறுபடி மூன்று, மறுபடி ஒன்பது. கணக்கு சுலபம்: பன்னிரண்டில் மூன்று, அதாவது கால்வாசி. 400 சி.எஃப்.எம். தருகிற மிஷினில் 100 சி.எஃப்.எம். யாருக்கும் பயன்படாமல் எங்கோ போகிறது. எங்கே என்று தேடச் சோப்புத்தண்ணீர் போதும். புது லைனுக்கு அவசரமாக இழுத்த ஹோஸ் இணைப்புகள், வடிகாலில் திறந்தபடி மாட்டிக்கொண்ட ஒரு வால்வு, உடைந்த கப்ளிங்குகள். பலர் இந்த நிலையில் பிரஷரை ஏற்றி வைப்பார்கள். அது இன்னும் மோசம். ஒரு பார் கூட்டினால் மின்சாரம் ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடும், ஓட்டையும் அதிகமாக ஊதும்.

புதுக் கம்ப்ரசர் ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. பதிலுக்கு ஓட்டை அடைக்கிற வேலையும், மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இதே சோதனையும் ஏ.எம்.சி.யில் ஏறின. இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிற மிஷினுக்கு 2000 மணி ஃபில்டர் சர்வீஸ் எண்பத்து மூன்று நாளில் வந்துவிடும், இரண்டையும் ஒரே வரவில் முடித்துக்கொள்ளலாம். டார்கெட்டுக்கு இது பத்தாது என்று நம்மவரின் ஏரியா மேனேஜர் திட்டியது தனிக்கதை.

அடுத்த வாரம் மெயில் மறுபடி போயிற்று, இந்தத் தடவை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. வல்லம் வடகால் கம்பெனிக்குப் போனது தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

'வணக்கம். பழைய மேனேஜர் இருந்த இடத்தில் இனி நான். தங்களுக்கு நாங்கள் பாக்கி வைத்திருப்பது இரண்டு: ஜூனில் கேட்ட டிரையர் ரிப்பேர் வரும் வியாழன் முடியும், ஆயில் கொட்டேஷன் விலை இந்த மாதக் கடைசி வரை மாறாது. ராத்திரி பிரேக்டவுனுக்குக் கீழே உள்ள இரண்டு எண்களும் எடுக்கப்படும். ஒரு கேள்வி: ஞாயிற்றுக்கிழமை லைன் நிற்கும்போது தங்கள் கம்ப்ரசர் எத்தனை நிமிஷம் லோடு எடுக்கிறது?'

கேட்லாக் இல்லை. அனுபவம் பதினோரு வருஷம் என்பதும் இல்லை. அதை வெட்டும்போது மட்டும் அவருக்குக் கொஞ்சம் மனசு கேட்கவில்லையாம்.

சாயங்காலமே பதில் வந்தது. 'தெரியவில்லை. ஞாயிறு காலை ஒன்பதுக்கு வாருங்கள். கேட் பாஸுக்கு ஆதார் நகல் கொண்டுவரவும். டெக்னீஷியனையும் கூட்டிக்கொண்டு வரவும்.'